டயாலிசிஸ் நேரத்தை மாற்றும்போது வீட்டாருக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது

டயாலிசிஸ் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கைக்குச் சீக்கிரமே வந்து சேரும் வேலை இது. ஆர்.ஓ. பிளான்ட் பழுதாகியிருக்கும், ஒரு மெஷின் நின்றுபோயிருக்கும், அல்லது வார்டிலிருந்து அவசர நோயாளி வந்திருப்பார். யாரோ ஒருவருடைய நேரத்தைத் தள்ளியாக வேண்டும். "வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு சீனியர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்த மெசேஜில் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரம் தள்ளிப் போகிறது, ஆனால் டயாலிசிஸ் தவறக்கூடாது. வீட்டில் இருப்பவர் மனதில் முதல் பாதிதான் நிற்கும். "அவங்களே அரை நாள் தள்ளி வைக்கிறாங்க, நாம ஒரு நாள் தள்ளினா என்ன?" என்று அவர் கேட்டால் அதில் தவறு சொல்ல முடியாது, நியாயமான கேள்விதான். அதற்கு மெசேஜுக்குள்ளேயே பதில் இல்லையென்றால், கடைசியில் எத்தனை ஆச்சரியக்குறி போட்டு 'தவறாமல் வரவும்' என்று எழுதினாலும் பயனில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். நோயாளி ஒரு அம்மா. திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி ஷிப்ட், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை, 60 கிலோ. சிறுநீர் அநேகமாக வருவதில்லை. மகன்தான் கூட்டி வருவார். ஞாயிறு இரவு ஆர்.ஓ. பிளான்ட் பழுதாகிவிட்டது. திங்கள் காலை ஷிப்ட் நடக்காது.

முதலில் இடைவெளியைக் கணக்கிடுங்கள்

மெசேஜ் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள்: கடைசி டயாலிசிஸ் எப்போது முடிந்தது, புதிய நேரம் எப்போது தொடங்குகிறது, நடுவில் எத்தனை மணி நேரம்.

நம் உதாரணத்தில் வெள்ளி காலை 10 மணிக்கு முடிந்தது. திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கினால் 68 மணி நேர இடைவெளி. திங்கள் மாலை 5 மணிக்குத் தள்ளினால் 79 மணி நேரம். திங்களை விட்டுவிட்டுப் புதன் காலை வந்தால் 116 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து நாள். வீட்டில் 'ஒரு தடவை விட்டால் என்ன' என்று நினைப்பது இந்த 116 மணி நேரத்தைத்தான். அவர்கள் கணக்கில் அது ஒரு தடவை, உடம்பின் கணக்கில் ஐந்து நாள் நீரும் பொட்டாசியமும்.

வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இரண்டு நாள் இடைவெளி ஒன்று எப்படியும் வரும். அதற்கு அடுத்த நாள்தான் வாரத்திலேயே ஆபத்தான நாள். அமெரிக்காவில் சுமார் 32,000 டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த நீண்ட இடைவெளிக்குப் பிந்தைய நாளில் இறப்பும், இதயக் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் சேர்வதும் மற்ற நாட்களைவிட அதிகமாக இருந்தன. வழக்கமான அட்டவணையிலேயே இப்படி என்றால், அதற்கு மேல் தள்ளும்போது யோசித்துத்தான் செய்ய வேண்டும். வாரத்தின் நடுவில் வரும் டயாலிசிஸைச் சில மணி நேரம் தள்ளுவதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருவதைத் தள்ளுவதும் ஒன்றல்ல. பட்டியலில் யாரை முதலில் தள்ளுவது என்ற பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள். வயதோ, யார் சத்தம் போடமாட்டார் என்பதோ அங்கே கணக்கில் வரக்கூடாது. (பல இடங்களில் இரண்டாவதுதான் கணக்கில் வருகிறது. அமைதியான குடும்பம்தான் எப்போதும் தள்ளப்படுகிறது.)

அடுத்து டாக்டரிடம் கேளுங்கள்

தள்ளலாமா கூடாதா என்பது நம் முடிவு இல்லை. டூட்டி டாக்டரோ நெப்ராலஜிஸ்டோ சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது வெறும் பெயரோடு போகாதீர்கள். வீட்டுக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது எடை என்ன, தட்டையாகப் படுத்துத் தூங்க முடிந்ததா, மூச்சு வாங்குகிறதா. அதோடு கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்பதை ஃபைலிலிருந்து எடுங்கள். தலையணை மூன்று வைத்து உட்கார்ந்தபடி தூங்கினார் என்று மகன் சொன்னால் அந்த அம்மாவைத் தள்ளும் பேச்சே கிடையாது. உடனே டாக்டருக்குச் சொல்லி, வேறு யூனிட்டுக்காவது அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் உதாரணத்தில் அம்மாவின் எடை 63 கிலோ. நன்றாகத் தூங்கியிருக்கிறார். வழக்கமான நேரத்தில் வந்திருந்தால் 3 லிட்டர் நீரை 4 மணி நேரத்தில் எடுத்திருப்பார்கள். மணிக்கு 750 மில்லி, கிலோவுக்கு 12.5 மில்லி. பல யூனிட்களில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வேகமாக இழுத்தால் பிபி விழும், கால் பிடித்து இழுக்கும், இதயத்துக்கும் நல்லதில்லை. மாலைக்குள் இன்னும் அரை கிலோ ஏறிவிட்டால் 3.5 லிட்டர். அதை 4 மணி நேரத்தில் எடுத்தால் கிலோவுக்கு 14.6 மில்லி ஆகிவிடும். நாலரை மணி நேரமாக்கினால் 13-க்குள் வந்துவிடும். ஆகவே டாக்டர், "மாலை 5 மணிக்கு எடுக்கலாம், நாலரை மணி நேரம் வையுங்கள்" என்கிறார்.

இந்த அரை மணி நேரம் மெசேஜுக்கு முக்கியம். இரவு ஒன்பதுக்கு முடியும் என்று நினைத்து வண்டி சொல்லி வைத்த மகன், எட்டரைக்கே "சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்று கேட்பார். பாதியில் எடுப்பதும் ஒரு வகையில் தவறவிடுவதுதான்.

இடத்தை உறுதி செய்யாமல் நேரத்தைச் சொல்லாதீர்கள்

மாலையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது போதாது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெஷினைச் சுத்தம் செய்ய நேரம் வேண்டும். ஆர்.ஓ. பிளான்ட் சரியானதும் உடனே ஆரம்பித்துவிடவும் முடியாது. குளோரினும் கடினத்தன்மையும் பார்த்து, தண்ணீர் சரி என்று டெக்னீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் "மதியம் ரெடியாகிடும்" என்றால் அந்த வார்த்தையை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் கூட்டி, நிச்சயமாக நடக்கும் நேரத்தைக் கொடுங்கள். ஒரு முறை மாற்றிய நேரத்தை மறுபடியும் மாற்றினால், மூன்றாவது மெசேஜை யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது மெசேஜ்

அவசரத்தில் பலரும் அனுப்புவது இது:

> வணக்கம். தவிர்க்க முடியாத காரணத்தால் டயாலிசிஸ் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. நாளை மாலை வரவும். தவறாமல் வரவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

இது ஞாயிறு இரவு 11.40-க்குப் போகிறது. மகன் 12.20-க்குப் பார்க்கிறார். அவருக்கு 'நாளை' என்பது செவ்வாய். மாலை என்றால் நாலா, ஆறா? 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று படித்தவுடன் இந்த முறை இல்லை என்றுதான் தோன்றும். காரணம் சொல்லாததால், ஆள் இல்லை போல, யாருக்கோ இடம் கொடுத்துவிட்டார்கள் போல என்று சந்தேகம் வரும். ஏன் தவறக்கூடாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதே செய்தியை இப்படி அனுப்பலாம்:

> வணக்கம் சார். டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து எழுதுகிறோம்.
>
> அம்மாவுக்குத் திங்கள்கிழமை டயாலிசிஸ் உண்டு. நேரம் மட்டும் மாறியிருக்கிறது.
>
> காலை 6 மணிக்கு வர வேண்டாம். அதே திங்கள்கிழமை (தேதி) மாலை 5 மணிக்குத் தொடங்கும். 4.30-க்கு வந்துவிடுங்கள். இந்த முறை நாலரை மணி நேரம் ஆகும். கிளம்ப இரவு 10 மணி ஆகிவிடும்.
>
> தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் பழுதாகிவிட்டது. அதனால்தான் இந்த மாற்றம்.
>
> அம்மாவின் எடையையும் மூச்சையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாலை வரை தள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தள்ளக்கூடாது. வெள்ளியிலிருந்து சேர்ந்த நீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே இருக்கின்றன. திங்களை விட்டுப் புதன் வந்தால் ஐந்து நாள் ஆகிவிடும். அது இதயத்துக்கு ஆபத்து.
>
> மாலை வரை தண்ணீர் அளவைக் கூட்ட வேண்டாம். பழம், பழச்சாறு, இளநீர் வேண்டாம். மாத்திரை, இன்சுலின் பற்றி நர்ஸ் போனில் சொல்வார்.
>
> மூச்சு வாங்கினால், படுக்க முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால், கை கால் தளர்ந்தால், மயக்கம் வந்தால் மாலை வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.
>
> 5 மணிக்கு வர முடியாது என்றால் வராமல் இருந்துவிடாதீர்கள், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வேறு ஏற்பாடு செய்யலாம்.
>
> புதன் காலை 6 மணி வழக்கம்போல் உண்டு.
>
> எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று பதில் போடுங்கள்.

நீளம்தான். ஆனால் வெட்டலாம் என்று தோன்றும் வரிகளைக் கொஞ்சம் பாருங்கள்.

'டயாலிசிஸ் உண்டு' என்று தொடங்குவது, போன் திரையில் முதல் இரண்டு வரி மட்டும் தெரியும் என்பதால். மெசேஜைத் திறக்காமலே பார்ப்பவர் கண்ணில் அதுதான் பட வேண்டும்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார் என்ற வரிதான், அவர்களே தள்ளுகிறார்களே என்ற கேள்விக்குப் பதில். யூனிட் தள்ளியது கணக்குப் பார்த்து. வீட்டில் தள்ளினால் அந்தக் கணக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டால் பயமுறுத்தும் வார்த்தைகளை அடுக்க வேண்டியதில்லை. 'வராவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல' என்று சிலர் கடைசியில் சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள். அது யூனிட்டைக் காப்பாற்றும் வரி, நோயாளியைக் காப்பாற்றாது. படிப்பவருக்குக் கோபம்தான் வரும்.

பழம் வேண்டாம் என்ற வரி புதியவர்களுக்கு அனாவசியமாகத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். ஆனால் பல நோயாளிகள் டயாலிசிஸ் நாள் காலையில் மட்டும் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவார்கள், கொஞ்ச நேரத்தில் மெஷின் எடுத்துவிடும் என்ற தைரியத்தில். நேரம் பதினோரு மணி நேரம் தள்ளிப்போன நாளில் அந்தப் பொட்டாசியம் முழுக்க உள்ளேயே கிடக்கும். பொட்டாசியம் ஏறுவது பல சமயம் வெளியே தெரியாது. கை கால் தளர்ச்சி வரலாம், அல்லது எதுவுமே தெரியாமல் நேராக இதயத் துடிப்பே குழம்பலாம். அதனால் 'நன்றாகத்தான் இருக்கிறார்' என்று வீட்டில் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போனில் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிச் சமைக்கிறார்களா? அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள்.

மாத்திரையை மெசேஜில் எழுதாமல் நர்ஸிடம் விட்டதற்கும் காரணம் உண்டு. டயாலிசிஸ் நாளில் காலை பிபி மாத்திரையைப் போடாதீர்கள் என்று சிலருக்குச் சொல்லியிருப்பார்கள். மாலைக்கு மாறிய நாளில் அதே பழக்கத்தில் நாள் முழுக்கப் போடாமல் இருந்தால் பிபி எகிறும். இன்சுலின் போடுபவருக்குச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இது ஆளுக்கு ஆள் மாறும். பத்துப் பேருக்கு ஒரே வரியை நகல் எடுத்து அனுப்பக்கூடிய விஷயம் இல்லை. தனித்தனியாக அனுப்பச் சொல்வதற்கு அந்தரங்கமும் ஒரு காரணம். குரூப்பில் போட்டால் யார் எந்த மெஷின், ஏன் தனி மெஷின் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அனுப்பியாச்சு என்பது பதில் வந்தாச்சு ஆகாது

நீல டிக் விழுந்தால் யாரோ திறந்தார்கள் என்றுதான் அர்த்தம். அந்தப் போன் பேரனிடம் இருந்திருக்கலாம். பதில் வராவிட்டால் கூப்பிடுங்கள். முதல் எண் எடுக்காவிட்டால் ஃபைலில் உள்ள இரண்டாவது எண். நம் உதாரணத்தில் நோயாளி அதிகாலை 5 மணிக்கே கிளம்பிவிடுவார், அதற்கு முன் பேசியாக வேண்டும். ராத்திரி கூப்பிடச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. மூடிய வாசலில் வந்து நிற்பவர் பலர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், மாலையில் மறுபடி வரமாட்டார்கள்.

போனில் "புரிஞ்சுதா சார்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ம், சரி" என்றுதான் சொல்வார்கள். "அப்போ அம்மாவை எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வர்றீங்க? திரும்பிப் போக வண்டி?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து 'இன்னைக்குச் சாயங்காலம் நாலரைக்கு' என்று வந்தால்தான் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்போதுதான் உண்மையான தடையும் வெளியே வரும். பெரும்பாலும் டயாலிசிஸின் அவசியம் புரியாமல் யாரும் தவறவிடுவதில்லை. வேறு காரணம் இருக்கும். நம் உதாரணத்தில் மகன் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "எனக்கு நைட் டூட்டி சார். பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லை. புதன்கிழமையே வந்துடறோமே."

இங்கே மறுபடி ஆபத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். அவருக்குத் தெரியும். "புதன் வரை விட முடியாது சார், ஐந்து நாள் ஆகிடும். கூட்டிட்டுப் போறதுக்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்று தடையைப் பிடியுங்கள். வேறு உறவினர் யாராவது உண்டா, மருத்துவமனை வண்டி கிடைக்குமா, அதே ஷிப்டில் அவர்கள் பக்கம் போகிற வேறு குடும்பம் சம்மதிக்குமா, மதிய ஷிப்டில் இருக்கும் யாரையாவது மாலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? எதுவும் நடக்காவிட்டால் வேறு யூனிட்டில் அன்றைக்கே இடம் கேட்க வேண்டும். அங்கே அனுப்பும்போது டிரை வெயிட், டயாலிசிஸ் நேரம், டயலைசர், ஹெப்பாரின் அளவு, ஃபிஸ்டுலாவா கதீட்டரா, கடைசி வைரஸ் பரிசோதனை முடிவு எல்லாம் எழுதிய தாளும் கூடப் போக வேண்டும். வைரஸ் ரிப்போர்ட் இல்லாததாலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. அப்படியும் வீட்டார் வர மறுத்தால் நீங்களாகச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லி, அவரையே பேச வையுங்கள்.

புதன்கிழமையையும் கவனியுங்கள்

இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். திங்கள் இரவு 9.30-க்கு முடித்தவருக்குப் புதன் காலை 6 மணி என்றால் நடுவில் முப்பத்திரண்டரை மணி நேரம்தான். வழக்கமாக 44. 'இப்போதானே பண்ணினோம், புதன் வேண்டாம், வெள்ளிக்குப் போகலாம்' என்று தோன்றுவது இயல்பு. திங்கள் ராத்திரி வீடு போய்ச் சேர நேரமாகிவிட்ட அலுப்பும் சேரும். ஆனால் புதனை விட்டால் திங்கள் இரவு 9.30-லிருந்து வெள்ளி காலை 6 வரை எண்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நீண்ட இடைவெளி முடிந்த கையோடு அதே அளவில் இன்னொன்று. அதனால்தான் மெசேஜில் புதனுக்கென்று ஒரு வரி.

செவ்வாய் மாலை அதையே நினைவுபடுத்தி ஒரு சின்ன மெசேஜ் போடுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், டாக்டர் யார் அனுமதித்தார் என்பதை ஷிப்ட் நோட்டில் எழுதி வையுங்கள். புதன் காலை நீங்கள் டூட்டியில் இல்லாமல் போகலாம். ஆறேகால் ஆகியும் அந்த அம்மா வரவில்லையென்றால், நோட்டைப் பார்க்கிறவர் உடனே மகனைக் கூப்பிட வேண்டும்.